இட்லி மாவுக்கு மிக்ஸி போதுமா, கிரைண்டர் வேண்டுமா?

வீட்டில் நாலு பேர், வாரம் இரண்டு தடவை மாவு அரைக்கிறோம். மிக்ஸியே போதுமா, வெட் கிரைண்டர் வாங்கணுமா?

இட்லிதான் அதிகம் என்றால் கிரைண்டர் வாங்கிவிடுங்கள். தோசை மட்டும் என்றால் மிக்ஸியே போதும்.

வித்தியாசம் உளுந்தில்தான், அரிசியை மிக்ஸி ஓரளவு நன்றாகவே அரைத்துவிடும். கிரைண்டரில் கல் மெதுவாக உருண்டு உளுந்தை நசுக்கும்போது மாவுக்குள் காற்றும் சேர்ந்துகொண்டே போகும். அரை மணி நேரம், அவ்வப்போது கையால் தண்ணீர் தெளித்து ஆட்டினால் மாவு பொங்கி மேலே வரும். மிக்ஸி பிளேடோ வெட்டத்தான் செய்யும், சீக்கிரம் சூடாகும், அதோடு கெட்டி மாவில் சுற்றாமல் நின்றுவிடும். சுற்றட்டும் என்று தண்ணீர் ஊற்றுவோம், அங்கேதான் இட்லி தட்டையாகிறது.

சரி, இப்போதைக்கு மிக்ஸிதான் என்றால், ஊறிய உளுந்தை ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். பாதி ஜாருக்கு மேல் போடாமல், ஐஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அரை நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும், மூழ்கினால் இன்னும் அரைபடணும். கிரைண்டரில் 4 பங்கு அரிசிக்கு 1 பங்கு உளுந்து போடுகிறேன். மிக்ஸி என்றால் 3 பங்கு அரிசிதான், உளுந்து அவ்வளவாகப் பொங்காதே.

கிரைண்டரைக் கழுவுவது வேலைதான், மறுக்க மாட்டேன். ஆட்டி முடித்ததும் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் ஓடவிடுங்கள், மாவு காய்ந்து ஒட்டாது.