குளிர் அறை அலாரம் ஓயாமல் அடித்தால் என்ன செய்வது?

"நிலாவெளி ஹோட்டலொன்றில் வேலை. மீன் இறக்கும்போதெல்லாம் குளிர் அறை அலாரம் அடிக்கிறது. நிறுத்தி வைக்கலாமா?"

நிறுத்த வேண்டாம். ஆள் உடனே செயற்பட வேண்டியதைச் சொல்வதே அலாரம். போவோர் வருவோரையெல்லாம் பார்த்துக் குரைக்கும் நாயை, கள்ளன் வரும் இரவிலும் யாரும் கவனிக்கமாட்டார்கள்.

கதவு திறந்ததும் உணரியில் வெப்பக் காற்று படுகிறது. எல்லை 8 பாகையென்றால் அதைச் சுற்றியே அளவு ஏறி இறங்கும். ஆகவே 15 நிமிடம் தொடர்ந்து மீறினால் மட்டும் அடிக்கவும், 6 பாகைக்கு இறங்கினால்தான் அடங்கவும் அமையுங்கள். தாமதத்தை அளவுக்கு மீறி நீட்டினால் மீன் கெடலாம். தீ அலாரத்துக்கு இந்தத் தாமதம் கூடவே கூடாது.

அலாரங்களை அவசரத்தின்படி பிரியுங்கள்: தீ முதல் நிலை, குளிர் அறை இரண்டாவது, வடிகட்டி அடைப்பு காலையில் பார்க்கும் பட்டியலில். 10 நிமிடத்தில் யாரும் ஏற்காவிட்டால் மேற்பார்வையாளருக்கும், பிறகு பொறியியலாளருக்கும் போகட்டும்.

ஏற்பு பொத்தானை அழுத்தினால் கோளாறு தீர்ந்ததென்று பலர் நினைக்கிறார்கள். அது "பார்த்துவிட்டேன்" என்பது மட்டுமே.