நாகூர் சரணத்தில் 'அவதாரம்' வேண்டாம்

"எங்கள் திருவாரூர் பஜனைக் குழுவுக்கு நாகூர் பற்றி எழுதிய சரணத்தில் 'அல்லாவின் அவதாரமே, வரம் தருவாய்' என்று வருகிறது. தவறா?"

'அவதாரமே' கட்டாயம் போக வேண்டும், ஐயா. இறைவன் யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவும் இல்லை என்கிறது குர்ஆனின் 112ஆம் அத்தியாயம். அவன் மனிதனாகப் பிறந்தான் என்பது முஸ்லிம்கள் நம்பிக்கையின் ஆணிவேரிலேயே கை வைப்பது. 'நாகூர் ஆண்டவர்' என்கிறோமே என்றால், அது ஷாகுல் ஹமீதுக்கு மரியாதைப் பெயர். அவர் இறைநேசர், இறைவன் அல்லர்.

'வரம் தருவாய்' இன்னும் நுட்பமான இடம். தர்காவுக்குப் போகிறவர்களும் தருபவன் அல்லாஹ் என்றே சொல்வார்கள்; அங்கே வேண்டுவதையே ஏற்காத முஸ்லிம்களும் உண்டு. அதனால் வேண்டுதலை விட்டுவிட்டுக் கண்ணால் கண்டதைப் பாடுங்கள்:

'நாகையில் கிளம்பும் சந்தனக் கூடு
நாகூர் சேரும் கந்தூரி இரவு
இறைநேசர் வாசலில் நாங்களும் நின்றோம்'

அப்புறம், அரங்கேற்றுமுன் நாகூர்க்காரர் ஒருவரிடம் பாடிக்காட்டுங்கள்.