முழங்கையில் வந்த கழித்தல் குறி

கேள்வி: பிசியோதெரபி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மேற்கை செங்குத்தாகவும் முழங்கை 90 டிகிரி மடங்கியும் இருக்க, கையில் 5 கிலோ டம்பெல் பிடித்திருக்கிற கணக்கு. பைசெப்ஸ் விசை 492 நியூட்டன் வருகிறது. மூட்டின் எதிர்விசையை மேல்நோக்கி என்று வைத்துப் போட்டால் –428 என்று கழித்தல் குறியோடு வருகிறது. எங்கே தப்பு செய்தேன்? அதோடு, 5 கிலோவுக்கு இவ்வளவு பெரிய விசை எப்படி?

பதில்: தப்பு எதுவும் இல்லை. நீங்கள் வைத்த திசை மட்டும்தான் தலைகீழ். மேற்கை எலும்பான ஹியூமரஸ் உங்கள் முன்கையைத் தாங்கிப் பிடிக்கவில்லை, கீழ்நோக்கி அழுத்துகிறது. கழித்தல் குறி அதைத்தான் சொல்கிறது.

முன்கையை மட்டும் தனியாக வரைந்துகொள்ளுங்கள். அதன்மேல் நான்கு விசைகள். டம்பெல் 49 நியூட்டன், மூட்டிலிருந்து 35 செ.மீ. தள்ளி, கீழ்நோக்கி. முன்கையும் உள்ளங்கையும் சேர்ந்த எடை உடல் எடையில் ஏறக்குறைய 2.2 சதவீதம், 70 கிலோ ஆளுக்கு 15 நியூட்டன் என்று வைக்கலாம், அதன் ஈர்ப்பு மையம் சுமார் 17 செ.மீ. தள்ளி. பைசெப்ஸ் தசைநாண் ரேடியஸ் எலும்பில் 4 செ.மீ. தள்ளிப் பிடித்து மேலே இழுக்கிறது. நான்காவது, மூட்டின் எதிர்விசை. மூட்டைச் சுற்றித் திருப்புத்திறன் எடுத்தால் அந்த நான்காவது விசை தானாகக் கழன்றுவிடும். தெரியாதது பைசெப்ஸ் விசை F ஒன்றே மிஞ்சும். அது தெரிந்தால் மூட்டு விசை J-உம் வந்துவிடும்:

```
F × 0.04 = 49 × 0.35 + 15 × 0.17
F × 0.04 = 17.15 + 2.55 = 19.70
F = 492.5 N
J = 492.5 − 49 − 15 = 428.5 N (கீழ்நோக்கி)
```

உங்கள் எண்கள் இவையேதான். சந்தேகம் தீரவில்லை என்றால் இன்னொரு வழியில் சரிபார்க்கலாம். இந்தத் தடவை மூட்டைச் சுற்றி எடுக்காமல், தசைநாண் ஒட்டியிருக்கிற புள்ளியைச் சுற்றித் திருப்புத்திறன் எடுங்கள். அங்கிருந்து டம்பெல் 31 செ.மீ., முன்கையின் மையம் 13 செ.மீ. இரண்டும் முன்பக்கத்தைக் கீழே சாய்க்கப் பார்க்கின்றன. அதைச் சமன் செய்யப் பின்னால் 4 செ.மீ. தூரத்தில் இருக்கிற மூட்டு எந்தப் பக்கம் தள்ள வேண்டும்? கீழ்ப்பக்கம்தான், மேலே தள்ளினால் டம்பெல்லோடு சேர்ந்து அதே திசையில் சுழற்றிவிடும். கணக்கும் 17.14 / 0.04 என்று அதே 428.5-ல் வந்து நிற்கிறது.

கல்யாண வீட்டுச் சமையல்கட்டில் நீளக் காம்புக் கரண்டியால் அண்டாவிலிருந்து சாம்பார் அள்ளுகிறவரின் கைகளைப் பாருங்கள். முன்னால் இருக்கிற கையால் காம்பைப் பிடித்துத் தூக்குவார், காம்பின் கடைசியில் இருக்கிற பின்கை கீழே அழுத்தும். பின்கையை எடுத்துவிட்டால் கரண்டி கவிழும். இரண்டு கைகளும் நெருங்க நெருங்கப் பாரம் கூடும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் இடைவெளி விட்டுப் பிடிப்பார். உங்கள் முழங்கையில் தூக்குகிற கை பைசெப்ஸ், அழுத்துகிற கை ஹியூமரஸ். இடைவெளி வெறும் 4 செ.மீ. இரண்டாவது கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது: 35-ஐ 4-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 9. தசை பெரும்பாலும் தூக்கும் எடையைவிடப் பல மடங்கு இழுக்க வேண்டியிருக்கும் என்று இத்தாலியரான போரெல்லி 17-ஆம் நூற்றாண்டிலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

அந்த 4 செ.மீ.-ஐ நீங்களே தொட்டுப் பார்க்கலாம். முழங்கையை மடக்கி, உள்ளங்கை மேலே பார்க்க ஒரு புத்தகத்தைத் தூக்குங்கள். மடிப்பின் நடுவில் மறு கையின் கட்டைவிரலை வைத்தால் கயிறு போல ஒன்று விறைத்து நிற்கும். அதுதான் தசைநாண். அது மடிப்பிலிருந்து சற்றுத் தூரத்திலேயே ஆழத்துக்குள் போய் மறைந்துவிடும்.

தேர்வில் பெரும்பாலும் கேட்கப்படாத, ஆனால் நோயாளியிடம் உதவுகிற விஷயம் ஒன்று: இந்த விடை முழுக்க அந்த 4 செ.மீ.-ஐ நம்பித்தான் நிற்கிறது. அதை 3 என்று வைத்தால் 657 நியூட்டன், 5 என்று வைத்தால் 394. டம்பெல்லின் எடையில் 100 கிராம் பிசகினாலும் பெரிதாக ஒன்றும் மாறாது. இந்தத் தூரத்தில் ஒரு செ.மீ. பிசகினால் விடையே வேறு. அதனால் 492.5 என்று தசமத்தோடு எழுதிப் பயனில்லை. சுமார் 500 என்றால் போதும்.

அப்புறம் கோணம். பைசெப்ஸ் நேர் செங்குத்தாக இழுப்பதாகத்தான் இதுவரை வைத்தோம். தசை மேலே 30 செ.மீ. உயரத்திலிருந்து தொடங்குவதாக வைத்தால் சாய்வு 7.6 டிகிரி, விசை 497 ஆகும், மூட்டு விசை 434. பெரிய மாற்றம் இல்லை. ஆனால் கையைக் கீழே இறக்கி, முன்கை கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரி தொங்கும்படி வைத்தால் கதை மாறுகிறது. டம்பெல்லும் முன்கையும் தருகிற திருப்புத்திறன் பாதியாகி 9.85 நியூட்டன் மீட்டருக்கு வந்துவிடும். தசையும் பாதி வேலைதான் செய்யும் என்று தோன்றும். அதற்குள் தசையின் நெம்புதூரமும் 1.8 செ.மீ.-க்குச் சுருங்கிவிடுகிறது. விளைவு, பைசெப்ஸ் விசை 550 நியூட்டன், முன்பைவிடச் சற்று அதிகம்! மாணவர்கள் அதிகம் வழுக்குகிற இடம் இதுதான்: சுமையின் தூரத்தைக் கோணத்துக்கு ஏற்பக் குறைப்பார்கள், தசையின் தூரத்தை 4 என்றே விட்டுவிடுவார்கள். இன்னும் நீட்டினால் இந்த நேர்கோட்டு வரைபடமே செல்லாது. தசைநாண் மூட்டின் முன்பக்கத்தில் படிந்து வளைவதால் நிஜத்தில் தூரம் சுழியத்துக்குப் போவதில்லை.

கடைசியாக, உங்கள் 492-ஐப் பைசெப்ஸ் மட்டும் இழுப்பதாக நோயாளியிடம் சொல்லிவிடாதீர்கள். அதன் அடியில் அல்னா எலும்பில் பிடித்திருக்கும் பிரேக்கியாலிஸ் தசை இருக்கிறது, வெளிப்பக்கம் பிரேக்கியோரேடியாலிஸ் இருக்கிறது. தெரியாத விசைகள் மூன்று, திருப்புத்திறன் சமன்பாடு ஒன்று. எது எவ்வளவு என்று அதை வைத்து மட்டும் பிரிக்க முடியாது. உள்ளங்கையைக் கீழே பார்க்கத் திருப்பினால் பைசெப்ஸ் பின்வாங்கி, பிரேக்கியாலிஸ் அதிகம் ஏற்கும். அது ரேடியஸில் ஒட்டாததால் திருப்புவது அதைப் பாதிக்காது. நோயாளி வலிக்குப் பயந்து பின்பக்க டிரைசெப்ஸையும் சேர்த்து இறுக்கினால், அதை எதிர்த்து மடக்கும் தசைகள் கூடுதலாக இழுக்க வேண்டும், மூட்டின் அழுத்தமும் ஏறும். அப்போது 428 என்பது மூட்டின் குறைந்தபட்ச அழுத்தம் மட்டுமே. டம்பெல்லைப் பிடித்திருக்கும்போதே மேற்கையின் பின்பக்கத்தை அழுத்திப் பாருங்கள்: தளர்வாக இருந்தால் உங்கள் கணக்கு ஏறக்குறைய பொருந்தும். இறுகியிருந்தால் முதலில் எடையைக் குறையுங்கள்.