வேலூர்ப் புரட்சி வினா: ஐந்து மதிப்பெண் எங்கே விழுகிறது, எங்கே நழுவுகிறது?

கேள்வி: "1806 வேலூர்ப் புரட்சிக்கான காரணங்களை விளக்குக" என்ற 5 மதிப்பெண் வினாவுக்கு என் மகள் இரண்டு பக்கம் எழுதினாள். 2 மதிப்பெண்தான் கிடைத்தது. எழுதியதில் தவறே இல்லையே?

தவறில்லாமல் எழுதியிருக்கலாம். ஆனால் கேட்டதை எழுதினாளா என்று பாருங்கள். இந்த வினாவுக்குப் பெரும்பாலானோர் ஜூலை 10 அதிகாலைத் துப்பாக்கிச் சூட்டில் தொடங்கி, கர்னல் பேன்கோர்ட் கொல்லப்பட்டதையும், ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கியதையும் சுவையாகச் சொல்லிவிடுகிறார்கள். எல்லாம் உண்மை, ஆனால் அது புரட்சியின் போக்கு. காரணம் கேட்ட வினாவில் போக்குக்கு மதிப்பெண் கிடையாது.

விடைத்தாளை எடுத்து ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் பென்சிலால் கா (காரணம்), போ (போக்கு), வி (விளைவு) என்று எழுதச் சொல்லுங்கள். 'கா' எத்தனை என்று எண்ணினாலே அந்த 2 ஏன் என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: முழு மதிப்பெண் பெறும் விடை எப்படி இருக்கும்? ஒன்று எழுதிக் காட்டுங்கள்.

ஒரு காரணத்துக்கு ஒரு மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம்.

*"கம்பெனியின் ஆட்சி விரிவால் அரசர்களும் பாளையக்காரர்களும் ஆட்சியை இழந்தனர். அவர்களைச் சார்ந்திருந்தவர்களிடமும் கம்பெனி மீது வெறுப்பு வளர்ந்தது."*
இது பின்னணிக் காரணம். இரண்டாவது வாக்கியம் இல்லாவிட்டால் முதல் வாக்கியம் வெறும் தகவலாக நின்றுவிடும்.

*"சிப்பாய்களுக்கு ஊதியம் குறைவு; பதவி உயர்வுக்கும் வாய்ப்பு அரிது."*
சிறிய கருத்து. ஒரு வரி போதும்.

*"புதிய ராணுவ ஆணை, சீருடையில் இருக்கும்போது சாதி, மத அடையாளங்களையும் காதணிகளையும் தடை செய்தது, தாடியை மழிக்கச் சொன்னது. இதைச் சிப்பாய்கள் தங்கள் மதத்தில் தலையிடுவதாகக் கருதினர்."*
"மத உணர்வு புண்பட்டது" என்று மட்டும் எழுதுகிறவருக்கு அரை மதிப்பெண் கிடைத்தாலே அதிகம். எந்த ஆணை, என்ன தடை என்று சொல்லும்போதுதான் கருத்துக்கு ஆதாரம் சேர்கிறது.

*"தோலால் ஆன குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகை, ஐரோப்பியர் அணியும் தொப்பியைப் போல் இருந்தது. அதனால் தங்களைக் கிறிஸ்தவராக்கும் முயற்சி இது என்ற அச்சம் எழுந்தது."*
முந்தையதோடு சேர்த்து ஒரே பத்தியாக எழுதினால் திருத்துபவர் கண்ணுக்கு ஒரு கருத்தாகவே தெரியும். தனிப் பத்தியாக விடுங்கள். இங்கே மதிப்பெண்ணைத் தாங்கும் சொல் 'அதனால்'.

*"மே மாதத்திலேயே சிப்பாய்கள் தலைப்பாகையை அணிய மறுத்தனர். குறையைக் கேட்காமல் இருவருக்குத் தலா 900 கசையடி விதித்ததால் கோபம் முற்றியது. திப்புவின் மகன்கள் அதே கோட்டையில் வைக்கப்பட்டிருந்ததால், எழுச்சியைச் சுற்றித் திரள ஒரு மையமும் கிடைத்தது."*
இது உடனடிக் காரணம். பின்னணியில் தொடங்கி உடனடிக் காரணத்தில் முடியும் இந்த வரிசைதான் 'விளக்குக' என்ற சொல்லுக்குரிய விடை. இதே ஐந்தையும் கலைத்துப் போட்டால் அது பட்டியலாகத்தான் தெரியும்.

கேள்வி: ஆண்டோ பெயரோ தவறினால் எவ்வளவு போகும்?

எந்த இடத்தில் தவறுகிறது என்பதைப் பொறுத்தது. தேதி ஒரு நாள் பிசகினாலும் காரண விளக்கம் நிற்கும். விளக்கத்தையே உடைக்கும் தவறுகள்தான் ஆபத்தானவை. இந்த வினாவில் அடிக்கடி வருவது இரண்டு.

ஒன்று, கொழுப்புத் தடவிய என்ஃபீல்டு துப்பாக்கித் தோட்டாவை இங்கே எழுதுவது. அது 1857க்கு உரியது. வேலூரில் சிக்கல் தலைப்பாகையும் தோற்ற விதிகளும். அந்தப் பத்தி முழுவதும் வீணாகும்.

இன்னொன்று, வில்லியம் பெண்டிங்கைத் தலைமை ஆளுநர் என்று எழுதுவது. 1806இல் அவர் சென்னை மாகாண ஆளுநர். தலைமை ஆளுநரானது 1828இல். படைத்தளபதியாக இருந்தவர் ஜான் கிரடாக். பெயர் உறுதியாக நினைவில்லை என்றால் 'சென்னை ஆளுநர்' என்று பதவியை மட்டும் எழுதுங்கள், போதும்.

கேள்வி: அதே பாடத்தில் 'விளைவுகள்' கேட்டால் இந்த விடை உதவுமா?

ஒரு வரிதான் உதவும். "புதிய உடை விதிகளால் எழுந்த இப்புரட்சி…" என்று தொடங்கி நேரே விளைவுக்குப் போய்விட வேண்டும்: உடை விதிகள் திரும்பப் பெறப்பட்டன, திப்புவின் மகன்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர், பெண்டிங்கும் கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று அரை வரி சேருங்கள். திப்புவின் மகன்களை ஏன் அனுப்பினார்கள்? புரட்சியாளர்கள் திப்புவின் கொடியைக் கோட்டையில் ஏற்றியிருந்தார்கள். மீண்டும் ஓர் எழுச்சிக்கு அக்குடும்பம் மையமாகிவிடும் என்று கம்பெனி அஞ்சியது. காரண வினாவில் மதிப்பெண் பெறாத அந்தக் கொடி, இங்கே பெற்றுத் தரும்.