தீபாவளி வாரத்து ஓவர்டைம்: 203.50 வெள்ளியா, 258 வெள்ளியா?

"அண்ணே, புதுவயல் பக்கம் எனக்கு. சிங்கப்பூர் வந்து மூணு மாசம் ஆச்சு, பட்டறை வேலை. அடிப்படைச் சம்பளம் 1,144 வெள்ளி. வாரம் 44 மணி நேரம், திங்கள் முதல் சனி வரை, நாளுக்கு 7 மணி 20 நிமிஷம். தீபாவளிக்கும் வேலை பார்த்தேன், செவ்வாய் முதல் வெள்ளி வரை தினம் 3 மணி நேரம் கூடுதல், ஞாயிறு 9 மணி 20 நிமிஷம். அந்த வாரத்துக்குச் சம்பளச் சீட்டில் கூடுதலாக 203.50 வெள்ளிதான் வந்திருக்கு. இது சரியா?"

சரியில்லை தம்பி. லீவில் கோட்டையூர் வந்திருக்கிறேன். நீ அனுப்பிய சீட்டைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். எங்கப்பா வளவு வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். கூட்டுத்தொகையைப் பார்ப்பதற்கு முன்னால் எதை எதால் வகுத்திருக்கிறான் என்று பார்ப்பார். உன் சீட்டிலும் கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு என்பது எல்லாருக்கும் தெரியும். எதன் ஒன்றரை மடங்கு என்பதில்தான் காசு நழுவும். சட்டப்படி மாத அடிப்படைச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, 52 வாரம், வாரத்துக்கு 44 மணி, அதாவது 2,288 மணியால் வகுக்க வேண்டும். உனக்கு 13,728 வகுத்தல் 2,288, மணிக்கு 6 வெள்ளி. ஒன்றரை மடங்கு 9 வெள்ளி. சாப்பாட்டுப் படி, தங்குமிடப் படி எதையும் இதில் சேர்க்கக் கூடாது.

உன் கம்பெனி என்ன செய்திருக்கிறது? 1,144ஐ 26 நாளால் வகுத்து 44 வெள்ளி எடுத்திருக்கிறார்கள். அது சரி, உன் ஒரு நாள் சம்பளம் அதுதான். அப்புறம் அந்த 44ஐ 8 மணியால் வகுத்துவிட்டார்கள். உன் நாளோ 7 மணி 20 நிமிஷம். மணிக்கு 5.50 ஆகி, ஒன்றரை மடங்கு 8.25க்கு இறங்கிவிட்டது. என் முதல் கம்பெனியில் இதே வேலையை 30 நாளால் வகுத்துச் செய்தார்கள். கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது.

இனி அந்த வாரத்தை எடு. 2025 அக்டோபர் 20, திங்கள், தீபாவளி. பொது விடுமுறைக்கான சம்பளம் மாதச் சம்பளத்திலேயே அடங்கிவிட்டது. அன்றைக்கு வேலை பார்த்ததற்கு மேற்கொண்டு ஒரு நாள் அடிப்படைச் சம்பளம், 44 வெள்ளி. இதைச் சீட்டில் ஒழுங்காகவே போட்டிருக்கிறார்கள். செவ்வாய் முதல் வெள்ளி வரை 12 மணி நேரம், மணிக்கு 9 வெள்ளி வீதம் 108. சனி வழக்கமான வேலை, கூடுதல் ஒன்றுமில்லை.

ஞாயிறுதான் பெரிய இடி. ஓய்வு நாளில் முதலாளி கூப்பிட்டு நீ அரை நாளுக்கு மேல் வேலை பார்த்தால் இரண்டு நாள் சம்பளம் தரவேண்டும். நீயாகக் கேட்டு வந்திருந்தால் ஒரு நாள் சம்பளம்தான். உன் சீட்டில் ஞாயிறுக்கு 44 என்று இருக்கிறது. அதாவது நீயே வேலை கேட்டு வந்ததாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் நீ அனுப்பிய இன்னொரு படத்தில், சனிக்கிழமை ராத்திரி சூப்பர்வைசர் "நாளைக்கு எல்லாரும் 8 மணிக்கு வரணும்" என்று வாட்ஸப்பில் போட்டிருக்கிறார். அந்தச் செய்தியை அழித்துவிடாதே. 44 வெள்ளி அதில்தான் இருக்கிறது.

ஆக ஞாயிறுக்கு 88 வெள்ளி. 7 மணி 20 நிமிஷத்தைத் தாண்டிய 2 மணிக்கு 18. மொத்தம் 106. திங்களின் 44, வார நாட்களின் 108, இந்த 106 மூன்றும் சேர்ந்து 258 வெள்ளி. குறைவு 54.50. அதில் 44 ஞாயிறால் வந்தது, மிச்சம் 10.50 அந்த 8 மணி வகுத்தலால் வந்தது: 14 மணி நேரத்துக்கு மணிக்கு 75 காசு. வாரத்துக்குச் சின்னத் தொகையாகத் தெரியும். ஆனால் இந்தப் பிழை நீ ஓவர்டைம் பார்க்கிற ஒவ்வொரு வாரமும் திரும்ப வரும், அதனால் பழைய சீட்டுகளையும் எடுத்து வைத்துப் பார்.

உடல் உழைப்பு வேலையில் அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிக்குள் இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தும், உனக்குப் பொருந்துகிறது. ஆபீஸ் வேலையில் இருக்கும் உன் ரூம் நண்பனுக்கு அந்த வரம்பு 2,600 என்பதால், இதை அப்படியே அவனிடம் சொல்லிவிடாதே.

முதலில் சண்டைக்குப் போகாமல் எச்.ஆரில் இரண்டே கேள்வி கேள்: மணிக்கூலியை எதால் வகுத்தீர்கள், ஞாயிறு வேலையை யார் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள்? பதிலை எழுத்தில் வாங்கு. பெரும்பாலும் அடுத்த சம்பளத்தில் சரிசெய்துவிடுவார்கள். மழுப்பினால், சீட்டு, நேர அட்டை, வாட்ஸப் படம் மூன்றையும் எடுத்துக்கொண்டு மனிதவள அமைச்சு வழியாகப் புகார் கொடுக்கலாம். வேலையில் இருக்கும்போது ஒரு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். வேலையை விட்டு வந்தபின் ஆறு மாதம்தான்.