சிங்கப்பூர் போக மனமில்லை: கணவரிடம் கணக்கைக் காட்டலாமா, காரணத்தைச் சொல்லலாமா?

கேள்வி: கணவருக்கு சிங்கப்பூரில் மாதம் 9,500 டாலர் சம்பளத்தில் வேலை வந்திருக்கிறது. இங்கே அவர் கையில் வாங்குவது 1.6 லட்சம், நான் 85,000. மகனுக்கு 8 வயது. எழுபது வயது அம்மா எங்களோடு இருக்கிறார். வீட்டுக் கடன் தவணை 52,000. மாதக் கடைசிக்குள் அவர் பதில் சொல்ல வேண்டும். எனக்குப் போக மனமே இல்லை. பி.எஃப். பென்ஷனுக்கு 10 வருஷம் ஆக எனக்கு இன்னும் 1 வருஷம் 8 மாதம் பாக்கி (முன்பு 4 வருஷம், இந்தக் கம்பெனியில் 4 வருஷம் 4 மாதம்). கிராஜுவிட்டியும் போய்விடும். ‘இது நஷ்டம்’ என்று காட்ட ஒரு கணக்குப் போட்டுக் கொடுங்கள். ஏற்கெனவே அவர் வேலைக்காகப் புனேவில் 2 வருஷம் சும்மா இருந்தேன். அதையெல்லாம் இப்போது கிளற வேண்டாம் என்று பார்க்கிறேன். – வாசகி, சென்னை

பதில்: கணக்குப் போட்டுவிட்டேன், கீழே இருக்கிறது. ஆனால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் போவதற்கு முன் முழுவதையும் படியுங்கள். அது நீங்கள் கேட்காத ஒரு பதிலையும் சொல்கிறது.

முதலில் பென்ஷன். பி.எஃப். பென்ஷனுக்கு 15,000 ரூபாய் உச்சவரம்புச் சம்பளத்தை வருஷத்தால் பெருக்கி 70ஆல் வகுப்பார்கள். 10 வருஷம் முடித்தால் உங்களுக்கு 58 வயதிலிருந்து மாதம் சுமார் 2,143 ரூபாய். அதுவும் இப்போது வேலையை விட்டால் அழிந்துவிடாது. ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கி வைத்துக்கொண்டால், திரும்பி வந்து பி.எஃப். உள்ள வேறொரு வேலையில் சேரும்போது விட்ட இடத்திலிருந்து வருஷம் எண்ணிக்கொள்ளலாம். 2,143 ரூபாய்க்காக நீங்கள் சிங்கப்பூர் வேண்டாம் என்கிறீர்கள் என்று சொன்னால் அவர் நம்பமாட்டார். நானும் நம்பவில்லை.

கிராஜுவிட்டி கொஞ்சம் கனமானது. உங்கள் அடிப்படைச் சம்பளம் 45,000 என்று வைத்துக்கொண்டால், 5 வருஷம் முடியும்போது சுமார் 1.3 லட்சம் கைக்கு வரும். ஆனால் அதற்கு இன்னும் 8 மாதம்தான் பாக்கி. ‘8 மாதம் கழித்துப் போகலாம்’ என்பதற்குத்தான் அது காரணம். அவரும் அதைத்தான் சொல்வார்: “சரி, நான் முன்னாடி போறேன், நீ 8 மாசம் கழிச்சு வா.” அப்புறம் என்ன சொல்வீர்கள்?

இப்போது பெரிய கணக்கு. உங்கள் கணவர் 9,500ஐ 68ஆல் பெருக்கி 6.46 லட்சம் என்று சொல்லியிருப்பார். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். குடும்பத்தோடு போனால் செலவு டாலரில்தான். வாடகை 3,200 (எச்.டி.பி. எனும் அரசு அடுக்குமாடியில் முழு வீடு), மகனுக்கு இந்தியப் பாடத்திட்டப் பள்ளி 1,500, சாப்பாடு, கரண்ட், எம்.ஆர்.டி. ரயில் எல்லாம் 1,800, ஊருக்கு வந்துபோக, இன்ஷூரன்ஸ் சேர்த்து 400. இவையெல்லாம் என் தோராயம், கூடக் குறைய இருக்கும். வருமான வரி மாதக் கணக்கில் ஏறக்குறைய 600. இங்கே போல மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கமாட்டார்கள். அடுத்த வருஷம் மொத்தமாக நோட்டீஸ் வரும், வட்டியில்லாமல் 12 தவணையாகக் கட்டலாம். முதல் வருஷம் கையில் நிறைய மிஞ்சுவது போலத் தெரிவதற்கு அதுதான் காரணம்.

ஆக 7,500 போய் மிச்சம் 2,000 டாலர், அதாவது 1,36,000 ரூபாய். அதில் சென்னை வீட்டுத் தவணை 52,000. அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள், மருந்து, வீட்டுச் செலவு என்று 25,000. கடைசியில் நிற்பது 59,000. இப்போது சென்னையில் இரண்டு சம்பளமும் சேர்ந்து 2,45,000. தவணையும், எல்லாம் சேர்த்து 1,10,000 வீட்டுச் செலவும் போக 83,000 மிஞ்சுகிறது. அதற்கு மேல் உங்கள் இருவர் பி.எஃப்.பிலும் மாதம் 30,000 போலச் சேர்கிறது. சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸில் வேலை செய்யும் வெளிநாட்டுக்காரருக்கு அங்கத்தைய சேமநிதியான சி.பி.எஃப். கிடையாது. அப்போது 1,13,000க்கு எதிரே 59,000. பார்த்தீர்களா, நஷ்டம்தான். நீங்கள் கேட்ட கணக்கு இதுதான்.

ஆனால் அதே தாளில் இன்னொரு வரி எழுத அவருக்கு ஐந்து நிமிடம் போதும். அவர் மட்டும் போனால்? பங்கு அறை 1,300, சாப்பாடு, போக்குவரத்து, போன் 900, வரி 600, விமான டிக்கெட் 300. மிச்சம் 6,400 டாலர், 4,35,000 ரூபாய். உங்கள் 85,000த்தைச் சேர்த்து, தவணையையும் இங்கத்தைய வீட்டுச் செலவு ஒரு லட்சத்தையும் கழித்தால் மாதம் 3,68,000 மிஞ்சும். உங்கள் பி.எஃப். தனி.

பணத்தை மட்டும் வைத்துப் பேசினால் ஜெயிப்பது அந்த வழிதான். அம்மாவையும் பிள்ளையையும் நீங்கள் ஒருவராகப் பார்த்துக்கொண்டு, கணவரை வாட்ஸப்பில் பார்க்கும் வாழ்க்கை உங்களுக்கு வேண்டுமா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. வேண்டுமென்றால் நல்லது, தைரியமாகக் கணக்கைக் காட்டுங்கள். வேண்டாமென்றால், அந்தத் தாளை நீங்களே அவர் கையில் கொடுக்காதீர்கள்.

என்னிடம் வந்த ஒரு தம்பதி நினைவுக்கு வருகிறார்கள். அந்தப் பெண் முதலில் பள்ளிக்கூடத்தைக் காரணம் சொன்னார். கணவர் பள்ளியில் இடம் பிடித்துவிட்டார். அடுத்து வாடகை. அவர் கம்பெனியிடம் பேசி 800 டாலர் கூட வாங்கிவிட்டார். காரணங்கள் தீர்ந்துபோனதால் அந்தப் பெண் கிளம்பிப் போனார், ஏழாவது மாதம் பிள்ளையோடு திரும்பி வந்தார். அங்கே வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 2 வருஷத்துக்கு. வெளிநாட்டு ஊழியருக்கு நடுவில் விலக ஒரு ஷரத்து போட்டுக்கொள்ளலாம், டிப்ளமேட்டிக் கிளாஸ் என்பார்கள். அதுவும் வழக்கமாக 12 மாதம் முடிந்து, 2 மாத நோட்டீஸ் கொடுத்துத்தான். இரண்டு மாத டெபாசிட்டைக் கட்டிவிட்டுக் கணவர் பெரிய வீட்டில் தனியாக மீதி மாதங்களை ஓட்டினார். அவருக்கு வந்த கோபம் பணத்தைப் பற்றியது இல்லை. “முதலிலேயே சொல்லியிருந்தால் வேண்டாம் என்றிருப்பேனே” என்றுதான் என் அறையில் உட்கார்ந்து சொன்னார்.

உங்கள் உண்மையான காரணங்கள் இரண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று அம்மா. இதில் சட்டமே உங்கள் பக்கம் பேசுகிறது. மனைவி, பிள்ளையை டிபெண்டன்ட் பாஸில் அழைத்துப்போக நிலையான மாதச் சம்பளம் 6,000 டாலர் இருந்தால் போதும். பெற்றோரை நீண்ட கால விசிட் பாஸில் வைத்துக்கொள்ள 12,000 வேண்டும். அவருக்கு வந்திருப்பது 9,500. ஆகவே அம்மா அங்கே வந்து குடியிருக்க முடியாது, விருந்தாளியாக வந்து போகலாம், அவ்வளவுதான். இது அவருக்குத் தெரியாமல்கூட இருக்கலாம்.

இரண்டாவது, நீங்கள் கிளற வேண்டாம் என்ற புனே. அந்த ஒரு வரியை நான் மூன்று முறை படித்தேன். டிபெண்டன்ட் பாஸில் போகிறவர் அங்கே நேராக வேலைக்குப் போக முடியாது. 2021 மே மாதத்திலிருந்து, ஒரு கம்பெனி உங்களுக்கென்று தனியாக வேலை பாஸ் எடுத்தால்தான் முடியும், அதற்கான சம்பள வரம்புகளோடு. ஆகவே ‘அங்கே போய் ஏதாவது பார்த்துக்கலாம்’ என்று அவர் சொல்வது அவ்வளவு எளிதில்லை. உங்கள் பயம் ஆதாரமுள்ள பயம். புனேவில் ஒவ்வொரு செலவுக்கும் கையேந்தி நின்றீர்களா, சென்னை திரும்பி மறுபடி வேலைக்குச் சேர அலைந்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் நீங்கள் போடும் எந்தக் கணக்கும் அவருக்குப் புதிராகத்தான் இருக்கும்.

எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் என் பாணியில் எழுதித் தருகிறேன், வார்த்தையை மாற்றிக்கொள்ளுங்கள். “இந்த வேலை உங்களுக்கு எவ்வளவு முக்கியம்னு தெரியும். ஆனா எனக்குப் போக மனசு இல்ல. பணம் அதுக்குக் காரணம் இல்ல. அம்மாவை அங்க வச்சுக்க முடியாது, இங்க தனியா விடவும் எனக்கு முடியாது. இன்னொண்ணு, புனேல ரெண்டு வருஷம் சம்பளம் இல்லாம இருந்தது எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. அப்போ சொல்லல. திரும்ப அப்படி இருக்க பயமா இருக்கு.” இதில் ‘எனக்கு’ என்றுதான் இருக்கிறது. ‘பையன் படிப்பு கெடும்’ என்று பிள்ளையை முன்னால் நிறுத்தாதீர்கள், எட்டு வயதுப் பையன்கள் எங்கும் பழகிவிடுவார்கள். முக்கியமாக, அவர் அலுவலகத்துக்குச் சரி என்று மெயில் போடும் முன்பே சொல்லுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு சொன்னால் அது தகவலாக இருக்காது, குற்றச்சாட்டாகிவிடும்.

கணக்குத் தாளை அதற்கு அடுத்த நாள் எடுங்கள். அப்போது மூன்று வரிகளையும் ஒளிக்காமல் வையுங்கள்: இங்கேயே இருந்தால் 1,13,000, எல்லோரும் போனால் 59,000, அவர் மட்டும் போனால் 3,68,000. மூன்றாவதை அவர் எடுத்தால், எத்தனை மாதம் என்று தேதியோடு பேசுங்கள். தவணைக் கடனில் எவ்வளவு அடைந்ததும் திரும்புவது என்று ஒரு தொகையாகவும் வைக்கலாம். 30 லட்சம் என்று வைத்தால் அது ஏறக்குறைய 8 மாத மிச்சம், உங்கள் கிராஜுவிட்டிக்கும் அதே 8 மாதம்.

குடும்பத்தோடு போவதென்று நீங்களே மனம் மாறினால் ஒன்று கேளுங்கள்: மாதம் 40,000 ரூபாய் உங்கள் பெயரில் உள்ள கணக்குக்குத் தானாகப் போகும்படி முதல் சம்பளத்திலேயே ஏற்பாடு. இங்கே உங்கள் சம்பளத்தில் உங்களுக்கென்று நிற்பது, பி.எஃப்.போடு சேர்த்து, கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். அதைக் கொடுத்த பிறகு அந்த 59,000 வெறும் 19,000 ஆகிவிடும் என்பதையும் அவர் பார்க்கட்டும். கூடவே, சம்பளம் முழுவதும் நிலையான மாதச் சம்பளமா அல்லது அதில் போனஸ் கலந்திருக்கிறதா, மருத்துவக் காப்பீடு குடும்பத்துக்கும் உண்டா, டிபெண்டன்ட் பாஸுக்குக் கம்பெனியே விண்ணப்பிக்குமா என்று அந்த எச்.ஆரிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகும். மாதக் கடைசி வரை காத்திருக்காமல் இன்றே கேட்கட்டும்.