அமெரிக்க இன்சூரன்ஸ் கடிதத்தில் இருக்கும் 1,580 டாலரை இப்போதே கட்ட வேண்டுமா?

கேள்வி: அமெரிக்காவுக்கு வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. முட்டி வலிக்கு ஆகஸ்டில் எம்.ஆர்.ஐ எடுத்தேன். இப்போது இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. 3,100 டாலர் பில், அதில் நான் தர வேண்டியது 1,580 என்று போட்டிருக்கிறார்கள். மாதாமாதம் சம்பளத்தில் பிரீமியம் பிடிக்கிறார்களே, அப்புறம் ஏன் நான் கட்ட வேண்டும்? மேலே 'இது பில் அல்ல' என்று வேறு இருக்கிறது. டிடக்டிபிள் 1,500, கோ-இன்சூரன்ஸ் 20%, அவுட் ஆஃப் பாக்கெட் மேக்ஸிமம் 5,000 என்கிறார்கள். ஒன்றும் புரியவில்லை.

பதில்:

இப்போதைக்கு எதுவும் கட்ட வேண்டாம். உங்கள் கையில் இருப்பது எக்ஸ்பிளனேஷன் ஆஃப் பெனிஃபிட்ஸ், சுருக்கமாக இ.ஓ.பி. ஸ்கேன் எடுத்த இடம் கேட்ட தொகையை இன்சூரன்ஸ் கம்பெனி எப்படிப் பிரித்தது என்ற கணக்கு அது. பணம் கேட்கும் பில் ஸ்கேன் எடுத்த இடத்திலிருந்து தனியாக வரும். சில வாரம் கழித்தும் வரலாம்.

ஊரில் ஐந்து லட்சத்துக்குப் பாலிசி எடுத்தால், அந்த ஐந்து லட்சம் வரை கம்பெனி தரும், அதற்கு மேல் போனால் நம் கைக்காசு. இங்கே அது தலைகீழ். ஓர் அளவு வரை நீங்கள் கட்ட வேண்டும், அதைத் தாண்டினால் முழுவதும் கம்பெனியின் பொறுப்பு. கடிதத்தில் உச்சவரம்பு என்று பார்ப்பதெல்லாம் உங்கள் செலவுக்கான உச்சவரம்பு, கம்பெனியுடையது அல்ல. அத்தியாவசிய சிகிச்சைகளுக்கு 'வருஷத்துக்கு இவ்வளவுதான் தருவோம்' என்று டாலர் கணக்கில் வரம்பு வைக்க 2010-ஆம் ஆண்டுச் சட்டம் இங்குள்ள பிளான்களை அனுமதிப்பதில்லை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற சொற்கள் தானாக விளங்கும்.

உங்கள் கடிதத்தையே வரிசையாகப் பார்ப்போம். முதல் கட்டத்தில் இருக்கும் 3,100, அமவுண்ட் பில்டு. ஸ்கேன் சென்டர் தன் இஷ்டத்துக்குப் போட்ட விலை என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் மரியாதை தர வேண்டாம். அடுத்தது அலவ்டு அமவுண்ட். உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி அந்தச் சென்டரோடு ஏற்கெனவே பேசி முடித்த விலை. உங்களுக்கு அது 1,900 ஆக இருக்க வேண்டும். மீதி 1,200 டாலரை யாரும் கட்ட வேண்டியதில்லை, சென்டர் அதைத் தள்ளுபடி செய்தாக வேண்டும். சென்டர் நெட்வொர்க்குக்குள், அதாவது இன்சூரன்ஸ் கம்பெனியோடு விலை பேசி ஒப்பந்தம் போட்ட இடங்களின் பட்டியலுக்குள், இருப்பதால்தான் இந்தச் சலுகை.

அந்த 1,900-இல் முதல் 1,500 டிடக்டிபிள். வருஷத்தில் முதலில் நீங்கள் கட்டித் தீர்க்க வேண்டிய தொகை. இதுவரை எதற்கும் செலவு செய்யாததால் முழுவதும் இந்த ஒரே ஸ்கேனில் இறங்கிவிட்டது. மிச்சம் 400. அதில் 20 சதவீதம், அதாவது 80 டாலர், உங்கள் கோ-இன்சூரன்ஸ். 320-ஐக் கம்பெனி கட்டும். 1,500-ம் 80-ம் சேர்ந்ததுதான் அந்த 1,580.

இப்படியே வருஷம் முழுக்க நீங்கள் கட்டுவது 5,000-ஐத் தொட்டால், அதுதான் அவுட் ஆஃப் பாக்கெட் மேக்ஸிமம். அதன் பிறகு அந்த வருஷம் நெட்வொர்க்குக்குள் நடக்கும், பிளானில் அடங்கும் சிகிச்சைகளுக்கு நீங்கள் எதுவும் தர வேண்டாம். பிரீமியம் இந்தக் கணக்கில் சேராது. அது பிளானில் இருப்பதற்கான கட்டணம் மட்டுமே. டாக்டரைப் பார்க்கும்போது கவுன்டரில் கட்டும் 30, 40 டாலர் கோ-பே பெரும்பாலான பிளான்களில் டிடக்டிபிளைக் குறைக்காது, ஆனால் 5,000-இல் சேரும்.

பில் வந்ததும் இ.ஓ.பி-யைப் பக்கத்தில் வைத்து மூன்றைச் சரிபாருங்கள்: சிகிச்சை நடந்த தேதி, கிளெய்ம் நம்பர், நீங்கள் தர வேண்டிய தொகை. 1,580 என்றே இருந்தால் கட்டலாம். மொத்தமாக முடியாவிட்டால் பில்லிங் பிரிவில் பேமென்ட் பிளான் கேளுங்கள். பல இடங்களில் வட்டியில்லாமல் தவணை தருகிறார்கள். 3,100 என்று வந்தால், பெரும்பாலும் இன்சூரன்ஸ் கணக்கு தீருவதற்கு முன்பே கம்ப்யூட்டர் அனுப்பிய பில்லாக இருக்கும். அவர்களைக் கூப்பிட்டு, இ.ஓ.பி-யில் இருக்கும் தொகையைச் சொல்லி, பில்லைத் திருத்தி அனுப்பச் சொல்லுங்கள். ஸ்கேனைப் படித்து ரிப்போர்ட் எழுதிய ரேடியாலஜிஸ்டுக்குத் தனி இ.ஓ.பி, தனி பில் வருவதும் சகஜம். ஒரே ஸ்கேனுக்கு இரண்டு முறை வசூலிக்கிறார்கள் என்று பதற வேண்டாம். டிடக்டிபிள் முடிந்திருந்தால் அதில் 20 சதவீதம்தான் உங்களுடையது.

கம்பெனி தர வேண்டிய இடத்தில் பூஜ்யம் போட்டு, 'டினைடு' என்று வந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் முதலில் கீழே பொடி எழுத்தில் இருக்கும் காரணக் குறிப்பைப் படியுங்கள். புதிதாக வந்தவர்களுக்கு அடிக்கடி நடப்பது இரண்டு. வேறு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டு கம்பெனி ஒரு படிவம் அனுப்பியிருக்கும். விளம்பரம் என்று நினைத்து அதைக் குப்பையில் போட்டிருப்பார்கள், பதில் வராததால் கிளெய்ம் நிற்கும். போனிலேயே 'வேறு இல்லை' என்று சொன்னால் மறுபடி கணக்குப் பார்ப்பார்கள். இரண்டாவது, நம் பெயர்ச் சிக்கல். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் விசாவில் முதல் பெயரிடத்தில் FNU என்று விழும். கார்டில் ஒரு மாதிரியும் ஆஸ்பத்திரிப் பதிவில் அப்பா பெயர் முன்பின்னாக வேறு மாதிரியும் இருந்தால், இப்படி ஒரு உறுப்பினரே இல்லை என்று கிளெய்ம் திரும்பிவிடும். எங்கே போனாலும் இன்சூரன்ஸ் கார்டில் உள்ளபடியே பெயரைச் சொல்லுங்கள்.

முன் அனுமதி வாங்கவில்லை என்பது காரணமானால், எழுதிக் கொடுத்த டாக்டரின் அலுவலகத்தைப் பிடியுங்கள். எம்.ஆர்.ஐ-க்கு அனுமதி கேட்பது வழக்கமாக அவர்கள் வேலை. அதுவும் பலிக்காவிட்டால் மேல்முறையீடு இருக்கிறது. வேலை பார்க்கும் இடத்தின் மூலம் வரும் பிளான்களில் மறுப்புக் கடிதம் கிடைத்ததிலிருந்து குறைந்தது 180 நாள் அவகாசம் உண்டு.

நெட்வொர்க்குக்கு வெளியே போனால் மேலே சொன்ன 1,200 தள்ளுபடி கிடையாது, அந்த வித்தியாசத்தையும் உங்களிடமே கேட்கலாம். அவசர சிகிச்சைக்கு 2022 முதல் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் சாலையில் வரும் ஆம்புலன்ஸ் அந்தச் சட்டத்தில் அடங்காது. சாதாரண ஸ்கேனுக்குப் போகுமுன் 'எங்கள் இன்சூரன்ஸை எடுத்துக்கொள்வீர்களா' என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். 'இந்தப் பிளானுக்கு நீங்கள் இன்-நெட்வொர்க்கா' என்று பிளான் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், கம்பெனியின் தளத்திலும் பாருங்கள்.

பெரும்பாலான பிளான்களில் ஜனவரி 1 அன்று டிடக்டிபிள் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நடுவில் வேலை மாறிப் புதிய பிளானுக்குப் போனாலும் பொதுவாக அப்படித்தான். உங்களுக்கு இந்த வருஷ 1,500 முடிந்துவிட்டது. முட்டிக்கு பிசியோதெரபியோ அடுத்த பரிசோதனையோ சொல்லியிருந்தால் டிசம்பருக்குள் முடித்துக்கொள்ளுங்கள். இப்போது 100 டாலர் ஆகும் இடத்தில் உங்கள் பங்கு 20, ஜனவரியில் அதே 100-ம் உங்களுடையது.